தீட்டின் தர்க்கம்: சிவவாக்கியரைப் பாடமாக வைத்தல்

சித்தர் பாடல்களைப் பாடத்திட்டத்தில் வைப்பது தமிழ்த் துறைகளுக்குப் புதிதன்று. பக்தி இலக்கியம் முடிந்த கையோடு, 'சித்தர்களின் சமுதாயச் சிந்தனைகள்' என்றொரு தலைப்பின் கீழ்ப் பத்துப் பாடல்கள் வரும். உருவ வழிபாட்டு மறுப்புக்கு மூன்று, சாதி மறுப்புக்கு மூன்று, நிலையாமைக்கு இரண்டு, யோகத்துக்கு இரண்டு என்று பங்கிட்டிருப்பார்கள். மாணவர்களும் அந்தப் பங்கீட்டின்படியே படித்து, 'சித்தர்கள் சடங்குகளைச் சாடினர், சாதியை எதிர்த்தனர்' என்று தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றுச் செல்வார்கள். எதைக் கொண்டு சாடினார்கள், எந்த வாதத்தால் எதிர்த்தார்கள், அந்த வாதம் நிற்கிறதா என்ற கேள்விகளை வினாத்தாள் கேட்பதில்லை. ஆகவே வகுப்பும் கேட்பதில்லை.

பத்து மணி நேரத்துக்கு ஒரு பாடப்பகுதி அமைக்கும் பொறுப்பு நமக்கு வந்தபோது, பதினெட்டுச் சித்தரையும் தொட்டுக் காட்டிச் செல்லும் வழக்கத்தை விட்டுவிடுவதென்று முடிவு செய்தோம். சிவவாக்கியம் என்ற ஒரு நூல், அதிலும் தீட்டு என்ற ஒரு கருத்து, அவ்வளவே போதும் என்று பட்டது. அதற்குக் காரணம் உண்டு. நாம் பார்த்த பாடத்தொகுப்புகளில் கல்லைப் பற்றிய பாட்டு தவறாமல் இருக்கிறது. குலத்தைப் பற்றிய பாட்டு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கவேண்டிய மாதத்தீட்டுப் பாடல்கள் மட்டும் இருப்பதில்லை. வகுப்பில் இரு பாலரையும் வைத்துக்கொண்டு அவற்றை எப்படி நடத்துவது என்ற கூச்சமே காரணமாக இருக்கலாம். ஆனால் அவற்றை எடுத்துவிட்டால் சடங்கு மறுப்பும் சாதி மறுப்பும் தனித்தனிக் கருத்துகளாக உதிர்ந்துபோகின்றன. சிவவாக்கியரிடத்தில் அவை இரண்டல்ல. ஒரே வாதத்தின் இரு முனைகள். அந்த முனைகளைப் பிணைக்கும் முடிச்சு தீட்டு.

*

வாதத்துக்குள் நுழையுமுன் நூலைப் பற்றிச் சில செய்திகள். சிவவாக்கியம் ஐந்நூற்றுச் சொச்சம் பாடல்களைக் கொண்டது. பதிப்புக்குப் பதிப்பு எண்ணிக்கை மாறும். ஓலையில் எழுதியும் வாயால் பாடியும் வந்த நூலாதலால் இடைச்செருகல் இல்லாத பதிப்பு என்று ஒன்றைக் காட்ட இயலாது. ஐந்தெழுத்தைக் கொண்டாடும் பாடல்களுக்கு நடுவே இராம நாமத்தைப் போற்றும் பாடல்களும் கிடக்கின்றன. சந்த ஓசை திருமழிசையாழ்வாரின் திருச்சந்தவிருத்தத்தை ஒத்திருப்பதால், அந்த ஆழ்வாரே முன்பு சிவவாக்கியராக இருந்தவர் என்றொரு கதையும் வழங்குகிறது. காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே பல நூற்றாண்டு வேறுபாடு உண்டு. உறுதியாகச் சொல்லத்தக்கது ஒரு கீழெல்லைதான். தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்கு தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் எழுதிய பட்டியலில் சிவவாக்கியம் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே அதற்கு முன்பே இந்நூல் கடற்கரை ஊர்களில் புழங்கியது.

இந்தச் செய்திக்கு இன்னொரு பயனும் உண்டு. உருவ வழிபாட்டை மறுக்கும் தமிழ்க் குரல் ஒன்று கிடைத்ததில் பாதிரிமார்கள் மகிழ்ந்தார்கள். 1871இல் சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப் பாடல்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டபோது சிவவாக்கியர் பாடல்களையும் சேர்த்துக்கொண்டார். பிறகு இருபதாம் நூற்றாண்டில் பகுத்தறிவு மேடைகள் அதே பாடல்களை எடுத்து வழங்கின. ஒரு சாரார்க்கு அவர் ஏக தெய்வக் கொள்கையினர். இன்னொரு சாரார்க்கு ஏறத்தாழ நாத்திகர். இரு சாராரும் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் ஒரே கைப்பிடிப் பாடல்கள். நம் பாடத்தொகுப்புகளில் இருப்பவையும் அந்தக் கைப்பிடியே. மாணவர் இதை முதலிலேயே தெரிந்துகொண்டால், தம் கையில் உள்ள பத்துப் பாட்டு ஏற்கனவே யாரோ ஒருவரால் பொறுக்கப்பட்டது என்ற விழிப்பு அவர்க்கு வரும்.

*

கல்லில் தொடங்கினோம். ஒரே பாறையை இரண்டாக உடைக்கிறார்கள். ஒரு துண்டு வாசற்படியாகி மிதிபடுகிறது. மறு துண்டு சிலையாகிப் பூவும் நீரும் பெறுகிறது. இவற்றுள் ஈசனுக்கு உகந்த கல் எது என்பது சிவவாக்கியரின் கேள்வி. இதை 'கல் கடவுளாகாது' என்று சுருக்கிவிடுவது எளிது. மாணவர்களும் முதலில் அப்படித்தான் சுருக்கினார்கள். ஆனால் பாட்டு இரண்டு கற்களை ஏன் கொண்டுவர வேண்டும்? கல் கடவுளாகாது என்று சொல்ல ஒரு கல் போதுமே. இரண்டு கற்கள் வேண்டியிருப்பது ஒப்பிடுவதற்காக. பொருள் ஒன்று, வேறுபாடு உளியும் கையும் செய்தது, செய்த கையே பிறகு அந்த வேறுபாட்டின் முன் விழுந்து வணங்குகிறது. 'பொருள் ஒன்று, பிரிவு செய்யப்பட்டது' என்ற இந்த வடிவத்தை மாணவர்கள் கையில் பிடித்துக்கொண்டால் மற்ற பாடல்கள் தாமே திறக்கும்.

அடுத்தது எச்சில். வாய்பட்டது எச்சில், எச்சில் தூய்மையற்றது என்பது எல்லா வீடுகளிலும் உள்ள விதி. சிவவாக்கியர் அந்த விதியை மறுப்பதில்லை. அதை ஏற்றுக்கொண்டு நடக்கவிடுகிறார். தேன் எங்கிருந்து வந்தது? வண்டின் வாயிலிருந்து. அபிடேகத்துக்கு வரும் பால்? கன்று முதலில் வாய்வைத்த மடியிலிருந்து. சரி, வேதம்? மந்திரம்? ஓதுகிறவரின் வாயிலிருந்துதானே வருகின்றன. விதி பொது என்றால் பூசைத் தட்டில் உள்ளவை எல்லாம் எச்சில்.

இது வெறும் கேலி என்று தோன்றும். கேலிக்கு அடியில் கனமான ஒரு சங்கதி இருக்கிறது. இந்தச் சிக்கல் தர்மசாத்திரம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருந்தது. மனுநூலின் ஐந்தாம் அத்தியாயத்தில், பால் சுரக்கும்போது கன்றின் வாய் தூயது, கனியைக் கொத்தி வீழ்த்தும்போது பறவையின் வாய் தூயது, வேட்டையில் கவ்வும்போது நாயின் வாய் தூயது என்ற பொருளில் விலக்குகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. விதியை அப்படியே நடைமுறைப்படுத்தினால் உண்ணவும் படைக்கவும் ஒன்றும் மிஞ்சாது என்று கண்டே இந்த விலக்குகள் செய்யப்பட்டன. சிவவாக்கியர் மனுநூலைப் படித்தார் என்று நாம் சொல்லவரவில்லை. அவர் விரல் வைத்த இடம் விதி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள விலக்குப் பெற்ற இடம் என்பதே நாம் காட்ட விரும்புவது. விலக்கு இல்லாமல் நிற்காத விதி இயற்கையின் விதி ஆகாது. யாருக்கு விலக்கு, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கிற ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்று கேட்ட மாத்திரத்தில் சடங்கைப் பற்றிய பேச்சு அதிகாரத்தைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது.

*

இப்போது நடுவில் நிற்கும் பாடல்களுக்கு வருவோம். தூமை என்பது மாதத்தீட்டு. வீட்டுக்குத் தூரம், வீட்டுக்கு விலக்கு என்று நாம் இடத்தைச் சொல்லி மறைப்பதை அவர் பொருளைச் சொல்லியே பேசுகிறார். வாதத்தின் படிகளைக் கரும்பலகையில் இப்படி எழுதினோம். மாதந்தோறும் வெளிப்படும் உதிரம் தீட்டு என்கிறீர்கள். கருக்கொண்டால் அந்த உதிரம் வெளிப்படாமல் நின்றுவிடுகிறது. நின்ற உதிரமே திரண்டு உடலாகிறது. ஆகவே பிறந்த எந்த உடலும் தீட்டால் ஆனது. குளத்தில் மூழ்கி எழுந்து வேதம் ஓதுகிற உடலும் அந்த உடல்தான். உபதேசிக்கிற குருவின் உடலும் அதுதான்.

இங்கே கவனிக்கவேண்டிய பாட்டு ஒன்று உண்டு. நான்கடிகள். மாதத்தீட்டில் தொடங்குகிறது, நின்றுபோன தீட்டு வளர்ந்து உருவமாயிற்று என்கிறது, உடனே, எந்த இடைவெளியும் விடாமல், நல்ல குலம் என்பது எது என்று கேட்கிறது, வேதியர் தாம் விளைந்த விதத்தைப் பேசட்டும் என்ற அறைகூவலோடு முடிகிறது. பெண்ணுடலின் தீட்டிலிருந்து பிறப்பின் உயர்வு தாழ்வுக்கு ஒரே மூச்சில் தாவிவிடுகிறது. உண்மையில் அது தாவலே அன்று. சாதி என்பது தீட்டு நிலைத்துவிட்ட உடல் பற்றிய கொள்கை. மாதவிலக்கான பெண் மூன்று நாள் தொடத்தகாதவள், நான்காம் நாள் குளித்தால் சரியாகிவிடும். தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்டவர்க்கு அந்த நான்காம் நாள் வருவதேயில்லை. காலத்தின் அளவில்தான் வேறுபாடு, கருத்து ஒன்று. அதனால் ஒன்றை உடைத்தால் மற்றதும் உடையும் என்று சிவவாக்கியர் கருதியிருக்கிறார்.

வகுப்பை இரு அணியாகப் பிரித்து, ஓரணியை வைதிகர் தரப்பில் பேசச் சொன்னோம். எதிரியை வலுவாக நிறுத்தாமல் ஒரு வாதத்தை மதிப்பிட முடியாது. அவர்களுக்கு உதவியாக மனுநூலின் அதே அத்தியாயத்தை எடுத்துக் கொடுத்தோம். உடலினின்று கழிந்து விழும் மலங்கள் தூய்மையற்றவை என்று அங்கே சொல்லப்படுகிறது. பன்னிரண்டு மலங்களின் பட்டியலும் உண்டு. மாணவன் ஒருவன் அதைச் சரியாகப் பற்றிக்கொண்டான். "உள்ளே இருக்கிற வரைக்கும் எதுவும் தீட்டு இல்லை ஐயா, வெளியே வந்தால்தான் தீட்டு. கரு உள்ளேயே இருந்து வளருது. அதனால சிவவாக்கியர் சொல்றது பொருந்தாது" என்றான். நல்ல மறுப்பு. எல்லையைக் கடப்பதே தீட்டு, பொருளன்று என்பது அதன் சாரம். வாயில் ஊறும் உமிழ்நீரை யாரும் அருவருப்பதில்லை. உமிழ்ந்ததும் அதுவே அருவருப்பாகிறதல்லவா?

எதிரணியில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு ஒரு மாணவி, "குழந்தையும் வெளியேதானே வருது?" என்றாள். பாட்டில் இந்த விடை நேராக இல்லை. ஆனால் பாட்டின் போக்கை நீட்டினால் வந்து சேரும் இடம் இதுவே. எல்லையைக் கடப்பது தீட்டென்றால் பிறப்பு என்பதே பெரிய எல்லைக் கடப்பு. சாத்திரமும் அதை அறிந்துதான் பிறப்புத் தீட்டு என்று ஒன்றை விதித்து, நாள் கணக்கில் கழித்துவிடுகிறது. அந்த நாள் கணக்கும் எல்லார்க்கும் ஒன்றன்று. வருணத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும். பார்ப்பனர்க்குப் பத்து நாளில் கழிவது சூத்திரர்க்கு ஒரு மாதம் ஆகும் என்பது சாத்திர வழக்கு. உதிரம் ஒன்று, கழியும் நாள் வேறு. மறுபடியும் இரண்டு கற்கள்.

அறிவியல் படித்துவிட்டுத் தமிழுக்கு வந்த மாணவர் ஒருவர் வேறொரு மறுப்பைச் சொன்னார். மாத உதிரம் திரண்டு கரு ஆவதில்லை; சினைமுட்டையும் விந்தணுவும் சேர்ந்தே கரு உண்டாகிறது என்றார். உண்மை. கருக்கொண்டால் கழியாமல் நிற்கும் கருப்பையின் உட்சவ்வு கருவுக்கு இடமாகவும் தொடக்கக் கால ஊட்டமாகவும் அமைகிறது என்ற அளவுக்கே பழைய கருத்தில் பொருத்தம் உண்டு. சுக்கிலமும் சுரோணிதமும் கலந்து கரு உண்டாகும் என்பது அந்நாளைய மருத்துவம். சித்தர்க்கும் வைதிகர்க்கும் அது பொதுச்சொத்து. எதிரி ஒப்புக்கொண்ட கூற்றிலிருந்தே எதிரியை மடக்கும் வாதத்துக்கு அந்தக் கூற்றை எதிரி ஒப்புக்கொண்டிருந்தாலே போதும். சிவவாக்கியரை 'அன்றே அறிவியல் கண்டவர்' என்று புகழ்கிறவர்கள் இந்த இடத்தில் வழுக்கி விழுவார்கள். அவர் கண்டது தர்க்கம்.

*

இனி எலும்பு. தாழ்ந்த குலமென்று சொல்லப்படுகிற பெண்ணையும் உயர்ந்த குலத்துப் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர்கள் தோலிலும் தசையிலும் எலும்பிலும் இலக்கம் இட்டிருக்கிறதா என்று கேட்கும் பாட்டு மிகவும் பெயர்பெற்றது. மேடைகளில் அதிகம் கேட்டதும் இதுவே. பொருள் ஒன்று, பிரிவு செய்யப்பட்டது என்ற நம் வடிவம் இதில் தன் முழு வீச்சை அடைகிறது. கல்லில் உளி செய்த பிரிவு இங்கே உடலில் எந்தத் தடயத்தையும் விடவில்லை. தடயமே இல்லாத பிரிவு நிலைத்து நிற்கிறதென்றால் யாரோ அதை நாள்தோறும் நிலைநிறுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்றாகிறது.

ஆனால் அதே பாட்டு வேறொன்றையும் கேட்கிறது. அந்த இரு பெண்களோடும் கூடும் இன்பத்தில் வேறுபாடு உண்டா என்கிறது. மேடைப் பேச்சாளர்கள் இந்த அடியை விரைந்து கடந்துவிடுவார்கள், அல்லது கைதட்டல் வாங்குவார்கள். எலும்பில் இலக்கம் உண்டா என்று கேட்டபோது புன்னகைத்த வகுப்பு இந்த அடிக்கு இறுகிப்போயிற்று. முன்பு குழந்தையைப் பற்றிக் கேட்ட மாணவியே எழுந்தாள். "தீட்டு இல்லைன்னு அவர் யார்கிட்ட சொல்றார் ஐயா? ஓதுற ஆள்கிட்டதானே? அந்தப் பொம்பளைகிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசலையே" என்றாள்.

நாம் இந்தப் பாடப்பகுதியில் அடைந்த ஆகப்பெரிய பயன் இந்தக் கேள்விதான். சிவவாக்கியத்தின் தீட்டுப் பாடல்கள் முழுவதிலும் பெண்ணுடல் சான்றுப்பொருளாக வருகிறது. வாதி ஓர் ஆண், எதிரியும் ஓர் ஆண். இருவர்க்கும் நடுவே சான்றாக அவள் உடல். தீட்டு என்று ஒதுக்கிய திண்ணையிலோ கொல்லைப்புறக் கொட்டகையிலோ அவள் என்ன நினைத்தாள் என்ற கேள்வி எழவில்லை. சித்தர் பாடல்களின் பிற பகுதிகளில் நிலைமை இன்னும் மோசம். பட்டினத்தார், பாம்பாட்டிச் சித்தர் பெயரில் வழங்கும் பாடல்களில் பெண்ணுடலின் மீது கொட்டப்படும் அருவருப்பு, வைதிகன் தீட்டின் மீது கொட்டிய அருவருப்பைவிடக் குறைந்ததன்று. தீட்டை முன்வாசலில் துரத்தியவர்கள் துறவு என்ற பெயரில் பின்வாசலைத் திறந்துவிட்டார்கள் போலும். இதைச் சொல்வதால் எலும்பைப் பற்றிய கேள்வி பழுதாகிவிடாது. ஆனால் சொல்லாமல் அந்தக் கேள்வியை மட்டும் கற்பிப்பது நேர்மையாகாது.

அந்த மாணவியின் கேள்விக்கு விடையாகப் பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்துக்கொண்டோம். உத்தரநல்லூர் நங்கை பாடியதாக வழங்கும் பாய்ச்சலூர்ப் பதிகம். நங்கை சித்தர் வரிசையில் எண்ணப்படுபவள் அல்லள். கதையின்படி ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண். பார்ப்பன இளைஞன் ஒருவனோடு அவளுக்கு ஏற்பட்ட காதலால் ஊர் அவள்மேல் திரண்டு வந்தது. அப்போது அவள் பாடியது இப்பதிகம் என்கிறார்கள். பாட்டுக்குப் பாட்டு ஊராரை விளித்து முடிகிறது. அதில் ஒரு வாதம்: சந்தனம், அகில், வேம்பு முதலிய மரங்களை எரித்தால் ஒவ்வொன்றும் தன் மணத்தை வீசும். அந்தணன் உடல் தீயில் விழுந்தாலும் புலையன் உடல் தீயில் விழுந்தாலும் அந்தத் தீயின் மணத்தில் வேறுபாடு இருக்குமா?

சிவவாக்கியரின் இரண்டு கற்களுக்கு இது தங்கை முறையான வாதம். ஒரு வகையில் அதைவிடக் கூர்மையானது. மரங்களில் உண்மையாகவே வேற்றுமை உண்டென்று அவள் முதலில் ஒப்புக்கொள்கிறாள். வேற்றுமை என்றால் அது எப்படி வெளிப்படும் என்பதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறாள். பிறகு மனித உடலை அந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கச் சொல்கிறாள். மேலும், இங்கே தீ உவமைக்காக வந்த தீ மட்டுமன்று. சாதி கடந்த காதலுக்காகத் தன்மேல் திரண்டுவந்த ஊரின் எதிரே நின்று பேசுகிறவளின் தீ அது. சிவவாக்கியர் வாதத்தில் தோற்றிருந்தால் அவர்க்கு இழப்பு ஒன்றுமில்லை. இவள் தோற்றால் உயிர் போகும்.

*

பாடத்தின் இறுதி மூன்று மணி நேரத்தை, தொகுப்புகள் 'யோகம்' என்று தனியே ஒதுக்கிவைக்கும் பாடல்களுக்குக் கொடுத்தோம். கோயிலும் குளமும் எங்கே என்று கேட்கும் சிவவாக்கியர், அவை மனத்துக்குள் இருக்கின்றன என்று விடையும் சொல்கிறார். பூசை ஒழியவில்லை; இடம் மாறியிருக்கிறது. தீர்த்தம் உள்ளே, தீ மூச்சின் வழியே, மந்திரம் ஐந்தெழுத்தே. அதை நாவால் உருப்போடுவதை இகழ்கிறாரே தவிர அதைக் கைவிடவில்லை. ஆகவே அவரை நாத்திகராக்குவதற்குப் பாதி நூலைக் கிழித்துப் போட வேண்டியிருக்கும். அவருடைய சாதி மறுப்பும் இங்கிருந்தே வலுப்பெறுகிறது. எல்லா உடலும் ஒரே பொருளால் ஆனவை என்பதோடு அவர் நிற்கவில்லை. அந்த உடல் ஒவ்வொன்றும் கோயில் என்கிறார். இழிவை மறுத்ததோடு மேன்மையையும் வழங்குகிறார்.

அங்கேயே அவர் வாதத்தின் எல்லையும் இருக்கிறது. கோயில் உள்ளே இருக்கிறதென்றால், வெளியே உள்ள கோயிலின் கதவு ஒருவர்க்கு மூடியிருப்பதைப் பற்றி என்ன சொல்வது? பக்கத்தில் நந்தனாரை வைத்துப் பார்த்தோம். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் தில்லையைக் காண ஏங்கி நிற்கிறார். இறைவன் அருள்கிறான், ஆனால் தீயில் மூழ்கி முந்நூல் அணிந்த முனிவராக எழுந்த பிறகே உள்ளே போகிறார். பழைய உடலோடு போக முடியவில்லை. தீட்டு உண்மை என்று அந்தக் கதை ஒப்புக்கொண்டுவிடுகிறது. சிவவாக்கியரும் நங்கையும் ஒப்புக்கொள்ளாதது அதைத்தான். ஆனால் நந்தனாரிடம் சிவவாக்கியர், 'தில்லை உனக்குள்ளேயே இருக்கிறது, ஏன் போக வேண்டும்' என்றுதான் சொல்லியிருப்பார். அந்த விடை ஞானிக்குப் போதும். ஊரின் நடுவே ஒரு கதவைத் தமக்கு மட்டும் சாத்தியிருப்பதை நாள்தோறும் பார்க்கிறவர்க்கு அது போதாது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாதய்யர் தலைமையில் கக்கனும் மற்றவர்களும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். கோயில் மனத்துக்குள் இருக்கிறதா என்று அன்று யாரும் கேட்கவில்லை. உரிமை வெளியே இருந்தது; வெளியே சென்றே அதைப் பெறவேண்டியிருந்தது.

வாதத்தின் வலுவும் எல்லையும் இவ்வாறு தெரிந்தபின், கடைசி வகுப்பில் ஒரு நீதிமன்றச் செய்தியை வைத்தோம். 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் சபரிமலையில் எல்லா வயதுப் பெண்களும் செல்லலாம் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. நீதிபதி சந்திரசூட் எழுதிய தனித்தீர்ப்பு ஒரு படி மேலே சென்றது. மாதவிலக்கைக் காரணமாக்கிப் பெண்களை விலக்குவதும் தீண்டாமையின் ஒரு வடிவம், அது அரசமைப்பின் 17ஆம் பிரிவுக்கு முரணானது என்பது அவர் கருத்து. அந்தப் பிரிவு சாதித் தீண்டாமைக்காக மட்டுமே வந்தது என்று வாதிட்டவர்கள் உண்டு. அந்த அமர்விலேயே நீதிபதி இந்து மல்ஹோத்ரா மாறுபட்ட தீர்ப்பில் அந்த நிலையை எடுத்தார். 2019 நவம்பரில் அதனோடு தொடர்புடைய கேள்விகள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன. தீர்ப்பின் சரி தவறு நம் பாடமன்று. ஆனால் மாதத்தீட்டும் சாதித்தீட்டும் ஒரே வேரினவா, வெவ்வேறா என்று 2018இல் ஐந்து நீதிபதிகளுக்கு முன் எழுந்த கேள்வி, 1708க்கு முன்பே நான்கடிப் பாட்டொன்றில் கேட்கப்பட்டிருக்கிறது. பாடத்தொகுப்பில் கூச்சத்தால் விடப்பட்டது அந்தப் பாட்டுதான்.

பருவத் தேர்வுக்கு நாம் வைத்த வினா இது: 'சிவவாக்கியரின் தீட்டு வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பை எழுதி, அதற்கு அவர் தரப்பிலிருந்து விடை கூறுக, அவ்விடை யாருக்குப் போதும், யாருக்குப் போதாது என்பதையும் காட்டுக.' விடைத்தாள்களில் பாதி, பழக்கப்படி, 'சித்தர்கள் சாதியை எதிர்த்தனர்' என்றுதான் தொடங்கின. ஒரு தாளில் மட்டும் பிறப்புத் தீட்டின் நாள் கணக்கு வருணத்துக்கு வருணம் வேறுபடுவதை எழுதிவிட்டு, அடுத்த வரியில் ஒரு மாணவர் இப்படி எழுதியிருந்தார்: 'எங்கள் வீட்டில் பெண்களுக்கு மூன்று நாள். எங்கள் தெருவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்க வேண்டும்.' மதிப்பீட்டுக் குறிப்பில் அதற்கான மதிப்பெண் ஒதுக்கப்படவில்லை. முழு மதிப்பெண் இட்டோம்.